தோப்பு நிழலில் எடுத்த முகம்: ரேடியல் மாஸ்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் அப்புச்சியைப் படம் எடுத்தேன். முகம் இருட்டாக வந்திருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெளிகிறது, ஆனால் தோப்பு வெளிறிப் போய்விடுகிறது. ஏன்?

தோப்புக்கு ஆழம் கொடுத்தது அதிலிருந்த இருட்டுதான். முன்வரிசை மரம் கறுப்பாக, அடுத்த வரிசை கொஞ்சம் வெளுப்பாக, அதற்கும் பின்னால் வெயில் விழுந்த வாய்க்கால் பளிச்சென்று என்று படிப்படியாக வெளிச்சம் மாறிக்கொண்டு போவதால்தான், தட்டையான ஒரு காகிதத்தில் நம் கண் தூரத்தைப் பார்க்கிறது. முழுப் படத்துக்கும் Exposure கூட்டினால் வாய்க்கால் வெள்ளையில் முட்டிக்கொள்ளும். Shadows-ஐ மட்டும் 70, 80 என்று இழுத்தால் கறுப்பு மரம் சாம்பலாகி இரண்டாவது வரிசை மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எப்படிச் செய்தாலும் படிகள் குறைகின்றன, தோப்பு ஒரு திரைச்சீலைபோல முகத்துக்குப் பின்னால் தொங்கத் தொடங்குகிறது.

ஆகவே முகத்துக்கு வேண்டியதை முகத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும். லைட்ரூமில், வரைந்த வட்டத்துக்குள் மட்டும் மாற்றம் விழச் செய்யும் ரேடியல் மாஸ்க் அதற்கான கருவி. ஆனால் அதை முகத்தின்மேல் ஒரு வட்டமாகப் போட்டு எல்லா அளவுகளையும் ஒன்றாக ஏற்றினால் வேறு கோளாறுகள் வரும். வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும், கதகதப்பு எங்கே நிற்க வேண்டும் என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் வருகின்றன. உங்கள் அப்புச்சியின் படத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெளிச்சம் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறது, வெள்ளை மீசை, தோளில் வெள்ளைத் துண்டு, தலைக்குப் பின்னால் ஒரு தென்னை நேராக ஏறிப் போகிறது.

மாஸ்க் போடுவதற்கு முன் முழுப் படத்தில் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், ஆனால் கொஞ்சம்தான். முகத்தை மறந்துவிட்டுத் தோப்பைப் பாருங்கள். தோப்பு நேரில் இருந்தபடி தெரியும் வரை Exposure-ஐச் சரிசெய்யுங்கள். இலைகளுக்கு நடுவே தெரியும் வானம் முழுதும் எரிந்துபோயிருந்தால் Highlights-ஐ 30 அளவுக்குக் குறைக்கலாம். Shadows-ஐத் தொட வேண்டாம். வெள்ளைச் சமநிலையையும் இந்தக் கட்டத்திலேயே தோப்பின் பச்சை இயல்பாகத் தெரியும்படி வைத்துவிடுங்கள். முகம் இப்போது இருட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முகத்துக்காக முழுப் படத்தையும் பாதி தூரம் ஏற்றிவிட்டு, மீதியை மாஸ்க்கில் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதி ஏற்றத்திலேயே பின்னணி கெட்டுவிடும். பிறகு அதை மீட்க இன்னொரு மாஸ்க் தேவைப்படும்.

வட்டத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும்? முகத்தின் விளிம்பை ஒட்டி வரைந்தால் முகமூடி மாட்டியதுபோல் இருக்கிறது.

லைட்ரூம் கிளாசிக்கில் Shift + M அழுத்தினால் Radial Gradient வரும். மூக்கின் மேல் வைத்து இழுத்தால் அங்கிருந்து நாலா பக்கமும் விரியும். இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, லைட்ரூமில் விளிம்பை மென்மையாக்கும் Feather உள்நோக்கி வேலை செய்கிறது என்பது. வெளிக்கோடுதான் மாஸ்க் முற்றிலும் முடியும் இடம். அங்கிருந்து உள்ளே வரவர விளைவு ஏறுகிறது. Feather 80 என்று வைத்தால் முழு விளைவும் நடுவில் ஒரு சிறு பகுதிக்குத்தான் கிடைக்கும். அதனால் முகத்தின் விளிம்பை ஒட்டி வரைந்தால் மூக்கும் கன்னமும் மட்டும் வெளுத்து, நெற்றியும் தாடையும் இருட்டிலேயே நிற்கும். முகமூடி மாட்டியதுபோல் தெரிவது அதனால்தான்.

வட்டத்தை முகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்துக்கு வரையுங்கள். மேலே தலைமுடியைத் தாண்டிக் கொஞ்சம், கீழே மார்பின் மேற்பகுதி வரை. நீள்வட்டமாக இருக்கட்டும், தலை சாய்ந்திருந்தால் அதே அளவுக்கு நீள்வட்டத்தையும் சாயுங்கள். Feather 75-க்கும் 85-க்கும் இடையில் வைத்தால் போதும். கழுத்துக்கும் மார்புக்கும் வெளிச்சம் கொஞ்சம் வழிய வேண்டும். முகம் மட்டும் வெளிச்சமாகி கழுத்து இருட்டில் நின்றால், தலை தனியாக ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும்.

பிறகு வட்டத்தின் நடுப்புள்ளியை மூக்கிலிருந்து நகர்த்துங்கள். வெளிச்சம் அவருடைய இடக் கன்னத்தில் விழுகிறது என்றால் நடுப்புள்ளி அந்தக் கன்னத்து எலும்பின்மேல் இருக்க வேண்டும். அப்போது வெளிச்சம் வந்த பக்கம் கூடுதலாகவும், நிழல் பக்கம் குறைவாகவும் ஏறும், முகத்தின் மேடு பள்ளம் அப்படியே நிற்கும். மூக்கிலேயே நடுப்புள்ளியை விட்டால் இரண்டு கன்னமும் சமமாக ஏறி, பின்னணிக்கு நேர்ந்த தட்டைத்தன்மை முகத்துக்கே வந்துவிடும்.

நான் வட்டம் போட்டால் முகம் மாறவில்லை, சுற்றியிருக்கும் மரங்கள்தான் வெளுக்கின்றன!

மாஸ்க் தலைகீழாக இருக்கிறது. Invert என்பதைத் தட்டுங்கள். 2013-இல் லைட்ரூம் 5-இல் இந்தக் கருவி Radial Filter என்ற பெயரில் வந்தபோது, வட்டத்துக்கு வெளியே விளைவு விழுவதுதான் வழக்கமான அமைப்பாக இருந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். எது மாஸ்க்குக்குள் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் O எழுத்தை அழுத்துங்கள், சிவப்பு பூசிய இடம்தான் மாஸ்க்.

எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்த வேண்டும்? எண்ணாகச் சொல்லுங்கள்.

இந்தப் படத்துக்கான எண்களைச் சொல்கிறேன். உங்கள் வேறு படங்களுக்கு இவை தொடக்கப் புள்ளி மட்டுமே.

முதலில் வெளிச்சம். Exposure +0.60. அதைக் கூட்டினால் தலைமுடி, கண்ணிமை, காதின் உட்பள்ளம் என்று கறுப்பாக இருக்க வேண்டியவையும் சேர்ந்து சாம்பலாகும். ஆகவே Blacks-ஐ -8 ஆக்கி அவற்றைத் திரும்பக் கீழே இறக்குங்கள். கண்குழியில் நிழல் அடர்த்தியாக இருந்தால் Shadows +15. இந்த மாஸ்க்கில் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், Temp-ஐ இங்கே தொட வேண்டாம். மாஸ்க்கின் பெயரை இருமுறை தட்டி ‘வெளிச்சம்’ என்று மாற்றிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

அடுத்து கதகதப்பு. ‘வெளிச்சம்’ மாஸ்க்கை நகலெடுத்து, நகலில் மேலே சொன்ன அளவுகளையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டு, ‘கதகதப்பு’ என்று பெயர் வைத்து, Temp +10, Tint +5 கொடுங்கள். மாஸ்க்குக்குள் இருக்கும் Temp கெல்வின் கணக்கில் வராது, படத்தின் இப்போதைய நிலையிலிருந்து எவ்வளவு மஞ்சள் பக்கம், எவ்வளவு நீலப் பக்கம் என்று மட்டும் காட்டும். 10 என்பது கேட்கச் சிறியதாக இருக்கும், தோலில் அது நன்றாகவே தெரியும். 20-ஐத் தாண்டினால் முகம் வேறு நேரத்தில் எடுத்ததுபோல் தெரியத் தொடங்கும். தோப்பில் பத்து மணி வெயில், முகத்தில் மட்டும் மாலை ஐந்தரை மணி!

தோப்புப் படத்தில் Tint இல்லாமல் வேலை முடியாது. தென்னை ஓலையின் ஊடாக வரும் வெளிச்சமும் புல்லில் பட்டு எழும் வெளிச்சமும் பச்சையாக இருக்கின்றன, அந்தப் பச்சை கன்னத்தின் கீழும் தாடையிலும் படிந்திருக்கிறது. அதன்மேல் Temp-ஐ மட்டும் ஏற்றினால் பச்சையோடு மஞ்சள் சேர்ந்து முகம் காமாலை வந்ததுபோல் ஆகும். Tint-ஐ மெஜந்தா பக்கம் சிறிது நகர்த்தினால் பச்சை கழிந்து தோலின் சிவப்பு மேலே வரும். ஆனைமலை, உடுமலை, பொள்ளாச்சித் தோப்புகளில் எடுத்த எந்தப் படத்திலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கண்ணை மட்டும் நம்ப முடியவில்லை என்றால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே தெரியும் R, G, B எண்களைப் பாருங்கள். சுட்டியை வெளிச்சமான கன்னத்தில் வைத்தால் அந்த இடத்தின் அளவு சதவீதத்தில் வரும். எந்த நிறத் தோலாக இருந்தாலும் R மேலே, G நடுவில், B கீழே என்ற வரிசைதான் இயல்பு. உங்கள் படத்தைப் போன்ற ஒன்றில் திருத்தத்துக்கு முன் 30, 28, 21 என்ற அளவில் இருக்கும். G இவ்வளவு நெருக்கமாக R-ஐ ஒட்டி நிற்பதுதான் பச்சையின் அடையாளம். திருத்திய பிறகு 41, 35, 26 போல வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். R-க்கும் G-க்கும் இடைவெளி விழுந்திருக்கிறதா என்பதே முக்கியம், எண் ஒன்றிரண்டு மாறினால் பாதகமில்லை.

முகம் நன்றாக வந்துவிட்டது. ஆனால் வெள்ளைத் துண்டும் மீசையும் மஞ்சளாகிவிட்டன.

இரண்டு மாஸ்க்காகப் பிரித்ததன் பயன் இங்கேதான் தெரியும். வெள்ளைப் பொருள் எதுவும் நிற மாற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். துண்டின் ஒரு முனை மாஸ்க்குக்குள்ளும் மறுமுனை வெளியேயும் இருந்தால் இன்னும் மோசம். ஒரே துணி கழுத்தருகே மஞ்சளாகவும் இடுப்பருகே வெள்ளையாகவும் தெரியும், பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று படும்.

‘கதகதப்பு’ மாஸ்க்கில் Subtract தட்டி Luminance Range-ஐத் தேர்ந்தெடுத்து, துண்டின்மேல் ஒருமுறை சொடுக்குங்கள். நிழலில் இருக்கும் மாநிறத் தோலைவிடத் துண்டும் மீசையும் நன்றாகவே வெளிச்சமானவை. ஆகவே மென்பொருளுக்கு அவற்றைப் பிரித்தெடுப்பது எளிது. பிரிவு கறாராக விழுந்து மீசையின் ஓரம் கத்தரித்ததுபோல் இருந்தால், வரம்பின் முனையை மெதுவாகச் சரியும்படி இழுத்துவிடுங்கள். O அழுத்திப் பார்க்கும்போது மீசையிலும் துண்டிலும் சிவப்பு இருக்கக் கூடாது, கன்னத்தில் இருக்க வேண்டும். நெற்றியின் பளபளப்பும் சேர்ந்து கழிந்திருந்தால் Add வழியாகத் தூரிகையால் அங்கே மட்டும் திரும்பப் பூசிவிடலாம்.

‘வெளிச்சம்’ மாஸ்க்கிலிருந்து மீசையைக் கழிக்காதீர்கள். முகம் ஏறி மீசை ஏறாவிட்டால் வெள்ளை மீசை அழுக்காகத் தெரியும். துண்டு மட்டும் வேறு கதை. அது ஏற்கெனவே படத்தின் வெளிச்சமான பொருள், இன்னும் ஏற்றினால் கண்ணை முகத்திலிருந்து இழுத்துவிடும். Subtract-இல் தூரிகையை எடுத்து, Flow 50 வைத்து, துண்டின்மேல் ஓரிரு முறை தேய்த்துவிடுங்கள். பாதி வெளிச்சம் கழிந்தால் போதும்.

தலையைச் சுற்றி ஒரு வெளிர் வளையம் தெரிகிறது. சாமி படத்தில் வரும் ஒளிவட்டம்போல இருக்கிறது. Feather-ஐ 100 வைத்தும் போகவில்லை.

Feather-ஐக் கூட்டினால் வளையம் மறையாது, பரவும். தலைக்கும் வட்டத்தின் வெளிக்கோட்டுக்கும் நடுவில் இருப்பது பின்னணி, அதுவும் சேர்ந்து ஏறுகிறது. நிழலில் கறுப்பாக இருந்த தோப்பு தலையைச் சுற்றி மட்டும் சாம்பலாகிறது. பின்னணி தட்டையாவதில் இதுவும் ஒரு வகை. படம் முழுதும் நடப்பதற்குப் பதிலாக, எல்லோரும் பார்க்கும் இடத்தில் நடக்கிறது.

உங்கள் படத்தில் இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. தலைக்குப் பின்னால் நேராக ஏறும் அந்தத் தென்னையைக் கீழிருந்து மேலே கண்ணால் தொடருங்கள். தோளருகே கறுப்பாக இருந்து, காதருகே வெளுத்து, தலைக்கு மேலே மறுபடி கறுத்தால் மாஸ்க் பின்னணியில் கசிகிறது. ஒரு மரம் வெயில் படாமல் நடுவில் மட்டும் வெளுக்காது. இந்தச் சோதனைக்கு மரமோ, தூணோ, சுவரின் விளிம்போ, வட்டத்துக்குள்ளும் வெளியேயும் ஓடும் ஒரு பொருள் வேண்டும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், பெரிதாக்கினால் கண் விவரங்களில் மாட்டிக்கொள்ளும்.

தீர்வு வட்டத்தையும் ஆளையும் குறுக்கிடச் செய்வதுதான். மாஸ்க்கின் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, Intersect Mask With என்பதில் Select Subject-ஐத் தேர்ந்தெடுங்கள். வட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும், ஆளின் மேலும் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைக்கும் உட்பட்ட இடத்தில் மட்டும் விளைவு நிற்கும். வட்டம் முகத்திலிருந்து மார்பு வரை மெல்லக் குறையும் வெளிச்சத்தைத் தருகிறது, Select Subject தோப்பைக் காக்கிறது. இப்போது அந்தத் தென்னையை மறுபடி பாருங்கள், அடி முதல் நுனி வரை ஒரே கறுப்பாக இருக்கும். ‘கதகதப்பு’ மாஸ்க்குக்கும் இதையே செய்யுங்கள். இல்லையென்றால் தலையைச் சுற்றிய பச்சை ஓலைகள் காய்ந்த ஓலை நிறத்துக்குப் போய்விடும்.

ஆனால் ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள்: தலைமுடியின் ஓரம். நரைத்த முடி சிலும்பி நிற்கும் இடத்தில் Select Subject சில நேரம் தப்புக் கணக்குப் போடும், முடிக்கு நடுவே தெரியும் தோப்பையும் ஆள் என்று சேர்த்துக்கொள்ளும். அப்போது முடியின் ஓரத்தில் மெல்லிய வெளிர்க் கோடு விழும். Subtract தூரிகையைக் குறைந்த Flow-வில் வைத்து அந்த ஓரத்தில் தடவினால் போய்விடும். வட்டத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் கீழே இறக்கினாலும் பாதிச் சிக்கல் தீரும், உச்சந்தலைக்கு வெளிச்சம் குறைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

அப்படியானால் வட்டமே எதற்கு? முகத்தோலை மட்டும் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதே.

இருக்கிறது. அந்தத் தேர்வு எங்கே முகத்தோல் முடிகிறதோ அங்கே ஒரே வெட்டாக முடியும். நெற்றியின் நடுவுக்கும் தாடையின் ஓரத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுக்கும். வெளிச்சம் உலகத்தில் அப்படி விழுவதில்லை, ஒரு பக்கத்திலிருந்து வந்து குறைந்துகொண்டே போகிறது. நிறத்தை மட்டும் திருத்த அந்தத் தேர்வு நல்லது, ‘கதகதப்பு’ மாஸ்க்கில் Select Subject-க்குப் பதிலாக அதைக் குறுக்கிடச் செய்வதை நான் தடுக்க மாட்டேன். வெளிச்சத்துக்கு வட்டம்தான் என் தேர்வு.

முகத்தை ஏற்றுவதற்குப் பதிலாகப் பின்னணியை இருட்டாக்கினால் என்ன?

கொஞ்சம் செய்யலாம். Select Background எடுத்து Exposure -0.20. அதற்குமேல் போனால் மரநிழல்கள் அடியில் போய் ஒன்றாகக் குவிந்துவிடும், கறுப்பிலும் படிகள் இழந்தால் தட்டைதான். அந்த மாஸ்க்கில் Highlights-ஐக் குறைக்காதீர்கள். ஓலைகளுக்கு நடுவே சிதறியிருக்கும் வெயில் புள்ளிகள்தான் தோப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று சொல்கின்றன, அவற்றை மங்கலாக்கினால் தூரமும் போய்விடும். விக்னெட் இதற்கு மாற்றாகாது. அது சட்டத்தின் மூலைகளிலிருந்து கறுக்கத் தொடங்கும், முகம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் ‘இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கு’ என்கிறார்கள்.

செய்யாதீர்கள். நிழலில் மறைந்த முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. அவர் வெயிலுக்கு வந்து நின்றால் எந்த நிறத்தில் தெரிவாரோ அதோடு நிறுத்த வேண்டும். அறுபது வருடம் காட்டில் உழைத்த தோலுக்கு ஒரு செம்பழுப்பு இருக்கிறது, Exposure-ஐ +1.50 வரை ஏற்றினால் முதலில் சாவது அதுதான். முகம் சாம்பல் பூத்து, கன்னத்துச் சுருக்கங்கள் நிழலை இழந்து, ஆள் அவராகவே இருக்க மாட்டார். கையைப் பாருங்கள்: மடியில் இருக்கும் கை மாஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. முகமும் கையும் ஒரே மனிதருடையவை என்று தோன்றும் வரைதான் ஏற்றலாம். வெள்ளையாக்கச் சொல்பவர்களிடம் கையையும் முகத்தையும் சேர்த்துக் காட்டினால் பெரும்பாலும் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடுத்த படம். குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். முகம் ஏற்கெனவே மஞ்சளாக இருக்கிறதே?

கதகதப்பைச் சேர்க்கவே கூடாத படம் அது. வெயில் குவியலில் பட்டு எதிரொளித்துத் தாடையின் அடியிலும் மூக்கின் அடியிலும் மஞ்சளாக விழுகிறது. ‘வெளிச்சம்’ மாஸ்க்கை மேலே சொன்னபடியே போடுங்கள். ‘கதகதப்பு’க்குப் பதிலாகத் தாடையின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒரு சிறு வட்டம் போட்டு, Temp -6 முதல் -8 வரை கொடுங்கள். நெற்றியும் தாடையும் ஒரே நிறத்துக்கு வந்தால் போதும். மஞ்சளை முழுதும் துடைத்துவிட வேண்டாம், மஞ்சள் மண்டியில் நிற்பவர்மேல் கொஞ்சம் மஞ்சள் படிந்திருப்பதுதான் உண்மை. முகூர்த்த மேடையில் மஞ்சள் விளக்கடியில் எடுத்த படங்களுக்கும் இதே யோசனைதான், அங்கேயும் Temp பெரும்பாலும் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

முகத்தில் ஓலை நிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக விழுந்திருக்கிறது. மாஸ்க்கால் சரிசெய்ய முடியுமா?

முடியாது. வட்டம் திட்டையும் நிழலையும் சேர்த்தே ஏற்றும். மாஸ்க்குக்குள் Highlights -40 வைத்தால் திட்டு கொஞ்சம் அடங்கும், மறையாது. வாய்ப்பிருந்தால் மறுபடி எடுங்கள். தோப்பின் ஓரத்துக்கோ திண்ணைக்கோ அவரை நகர்த்தி, முகம் திறந்த வெளியைப் பார்க்கும்படி உட்காரவையுங்கள். ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்து முகத்துக்கு எதிரே இடுப்பளவில் பிடித்தால் வெளிச்சம் எதிரொளித்து வரும். அப்படி எடுத்த படத்துக்கு Exposure +0.20-க்குமேல் தேவைப்படாது.

போனில் எடுத்த படம்தான் இருக்கிறது, ரா கோப்பு இல்லை.

செய்யலாம், அளவைப் பாதியாக்குங்கள். ஜேபெக் படத்தில் நிழல் பகுதியின் விவரம் பெரும்பாலும் கழித்து எறியப்பட்டிருக்கும். ஏற்றினால் கன்னத்தில் தேமல்போல நிறத் திட்டுகள் கிளம்பும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி நிழல் பக்கத்துக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே Exposure-ஐ நகர்த்துங்கள், திட்டு தெரியத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். போனே முகத்தை ஏற்றித் தோப்பைத் தட்டையாக்கிக் கொடுத்திருந்தால், இழந்த படிகளை மாஸ்க் திருப்பித் தராது. Select Background-இல் Blacks-ஐக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இலவச மென்பொருளில் செய்ய முடியுமா?

டார்க்டேபிளில் முடியும். exposure தொகுதியில் வரைந்த மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து நீள்வட்டம் போடுங்கள். மவுஸ் சக்கரம் அளவை மாற்றும், Shift-உடன் சுழற்றினால் விளிம்பின் மென்மை மாறும். அங்கே மென்மை வெளிநோக்கிப் போகிறது, ஆகவே வட்டத்தை லைட்ரூமில் வரைவதைவிடச் சிறிதாக, முகத்தளவுக்கே வரைய வேண்டும். நிறத்துக்கு color balance rgb தொகுதியில் தனியாக இன்னொரு மாஸ்க் போடுங்கள்.

ஒரே நாளில் எடுத்த நாற்பது படங்களுக்கு இதை நகலெடுத்து ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் வட்டம் முகத்தைத் தேடிப் போகாது. முதல் படத்தில் சட்டத்தின் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் போய் உட்காரும். Select Subject பகுதி மட்டும் புதிய படத்துக்கு ஏற்ப மறுபடி கணக்கிடப்படும். ஒட்டிய பிறகு ஒவ்வொரு படத்திலும் வட்டத்தை இழுத்து முகத்தில் வைக்க வேண்டும், இரண்டு மாஸ்க்கிலும். படத்தில் அப்புச்சியோடு அம்மிச்சியும் இருந்தால் ஆளுக்கொரு மாஸ்க் போடுங்கள். ஒரே மாஸ்க்கில் இரண்டு வட்டம் சேர்த்தால் இருவருக்கும் ஒரே அளவுதான் கிடைக்கும், இருவர் தோலும் நின்ற நிழலும் ஒன்றல்ல.

திரையில் நன்றாக இருக்கிறது, பிரிண்ட் போட்டால் முகம் மறுபடி இருட்டாக வருகிறது.

திரையின் பிரகாசம் அதிகமாக இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகளை முழுப் பிரகாசத்தில் வைத்து வேலை செய்கிறோம், காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பிரகாசத்தைப் பாதிக்குக் கொண்டுவந்து, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால் எல்லா முகமும் கதகதப்பாகவே தெரியும், Temp-ஐ எங்கே நிறுத்துவது என்று பிடிபடாது. பிரிண்ட் போடும் இடத்தில் முதலில் சிறிய அளவில் ஒன்று போட்டுவாங்கி, பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். முகம் குறைவாக இருந்தால் ‘வெளிச்சம்’ மாஸ்க்கில் மட்டும் 0.15 கூட்டி மறுபடி போடச் சொல்லுங்கள். ‘கதகதப்பு’ அப்படியே இருக்கட்டும்.